ஆச்சியின் சொதி வீடியோ மெல்போர்ன் பேத்தி தேடினால் கிடைக்க வேண்டும்: படிப்படியாக

எங்கள் ஆச்சி பாளையங்கோட்டையில் இருக்கிறார், அத்தையின் பிள்ளைகள் இரண்டு பேரும் மெல்போர்னில். ஆச்சி சமைப்பதைத் தம்பி போனில் எடுத்து யூடியூபில் ஏற்றி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டுவிடுவான். எல்லோரும் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் அத்தை மகள் போன் மாற்றினாள், பழைய செய்திகள் எல்லாம் போய்விட்டன, யூடியூபில் எவ்வளவு தேடியும் ஆச்சி கிடைக்கவில்லை. அதைச் சரிசெய்த விதம்தான் இது. உங்கள் வீட்டு வீடியோவுக்கும் இதே வழிதான்.

1. முதலில் பூட்டு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

கணினியில் studio.youtube.com போய், `Content` பகுதியில் அந்த வீடியோவின் `Visibility` என்ன என்று பாருங்கள். எங்களுடையது `Unlisted` என்று இருந்தது. லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம், ஆனால் தேடினால் வராது. லிங்க் வேலை செய்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. `Public` ஆக மாற்றுவதற்கு முன் வீடியோவை ஒரு முறை முழுதாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எங்கள் அடுக்களைச் சுவரில் போன் நம்பர்கள் எழுதிய காலண்டர் தெரிந்தது, அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் மாற்றினோம்.

2. தேடுகிறவரிடம் கேட்டு தலைப்பு வையுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். தம்பி கணினியிலிருந்து ஏற்றியதால் ஃபைல் பெயரே தலைப்பாகிவிட்டது: `VID_20220814`. இதை யார் தேடப்போகிறார்கள்?

உடனே "சொதி" என்று மாற்றலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அத்தை மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. "நீ என்ன டைப் பண்ணுவே, அப்படியே அனுப்பு" என்று கேட்டேன். அவள் அனுப்பியவை: `sothi recipe`, `sodhi kulambu`, `sothi with moong dal`. முதலாவதைத் தேடினால் இலங்கைச் சொதிதான் வரிசையாக வந்தது. அதுவும் தேங்காய்ப்பாலில் செய்வதுதான், இடியாப்பத்துக்கு அருமையாக இருக்கும், ஆனால் எங்கள் ஊர்ச் சொதி வேறு. பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு, புளி இல்லாமல் எலுமிச்சை பிழிந்து, கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் சோற்றுக்கு ஊற்றுவது. அந்த வித்தியாசம் தலைப்பிலேயே தெரிய வேண்டும்:

```
திருநெல்வேலி மறுவீட்டு சொதி | Tirunelveli Sodhi (Sothi) with Moong Dal
```

தலைப்புக்கு 100 எழுத்துதான் இடம், அதனால் `kulambu` போன்ற மற்ற வார்த்தைகளை விவரத்தில் எழுதிவிட்டேன். வெறும் `sodhi` என்று தேடினால் பெரிய சேனல்கள்தான் முன்னால் நிற்கும், அதோடு போட்டி போட வேண்டாம். ஊர்ப் பெயரும் பருப்பும் சேர்த்துத் தேடும்போது வந்தால் போதும்.

3. விவரத்தில் அளவும் நேரமும்

ஆச்சி "ஒரு கை பருப்பு" என்பார். அவர் கையில் அள்ளியதைத் தராசில் வைத்தோம், 50 கிராம். ஒரு பெரிய தேங்காய், ஆறு பச்சை மிளகாய், இரண்டு அங்குல இஞ்சி, அரை எலுமிச்சம்பழம் என்று எல்லாவற்றையும் `Description` பெட்டியில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதினேன். அதன் கீழே நேரக் குறிப்பு:

```
0:00 காய் நறுக்குதல்
2:15 மூன்று பால் எடுத்தல்
5:40 மூன்றாம் பாலில் காய் வேகவைத்தல்
9:10 முதல் பால், எலுமிச்சை
```

`0:00` இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று வரி வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது. ஒன்று தவறினாலும் வீடியோ பகுதி பகுதியாகப் பிரியாது. எல்லாம் முடிந்ததும் `Save`.

4. சோதனை

உங்கள் போனில் தேடிப் பார்த்து நம்பிவிடாதீர்கள், நீங்கள் ஏற்கெனவே பார்த்த வீடியோ உங்களுக்கு முன்னால் வரலாம். இன்காக்னிட்டோ ஜன்னலில் தேடுங்கள். அதைவிட நல்லது, லிங்க் அனுப்பாமல் அவர்களையே தேடச் சொல்வது. சில நாள் கழித்து அத்தை மகள் `tirunelveli sothi moong dal` என்று தேடி, ஆச்சி முகம் தெரியும் படத்தை எடுத்து அனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சமைத்தாள், பால் திரிந்துவிட்டது. 9:10 இல் ஆச்சி சொல்வதை மறுபடி பார்த்திருக்கிறாள்: முதல் பால் ஊற்றியதும் கொதிக்க விடக் கூடாது, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட்டு, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் எலுமிச்சை. இரண்டாவது தடவை சரியாக வந்தது என்று ஆச்சிக்கு போன் செய்தாள்.

"எத்தனை தேங்கா உடைச்சே?"

"தேங்கா இல்ல ஆச்சி, டின் பால்."

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "டின்னுல எவ்வளவு தண்ணி கலந்தா ரெண்டாம் பால் மாதிரி வரும்னு பாக்கணும்ல. கடையில ஒண்ணு வாங்கிட்டு வா, அதையும் எடுத்துருவோம்" என்றார்.