பழைய பதிவுகளை மொத்தமாக அழிக்கும் முன்

கிருஷ்ணகிரியில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சமூக வலைத்தளத்தில் போட்ட பழைய விலைப் பதிவுகளையெல்லாம் எடுத்துவிடலாம் என்று ஒரே ராத்திரியில், தானாகவே அழிக்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டு நூற்றுக்கணக்கில் அழித்தார், காலையில் பார்த்தால் அக்கவுண்ட் லாக். சொந்தப் பதிவை அழித்தது தப்பா என்று கேட்டார். தப்பில்லை, ஆனால் அக்கவுண்டைத் திருடியவனும் முதலில் பழையதைத் துடைத்துவிட்டுத்தான் தன் விளம்பரத்தைப் போடுவான், மனிதக் கை போகாத வேகத்தில் அழிந்தால் சிஸ்டம் அப்படித்தான் சந்தேகப்படும்.

லாக் ஆனால் திரும்பத் திரும்ப லாகின் செய்து பார்க்காதீர்கள், சந்தேகம் கூடும். எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு, விபிஎன் இருந்தால் நிறுத்திவிட்டு, வழக்கமாகப் பயன்படுத்தும் அதே போனில், அதே இணைப்பில் திரையில் கேட்கும் சரிபார்ப்பை முடியுங்கள். இவர் மாட்டியது இங்கேதான்: ஓடிபி போனது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம்முக்கு! நல்லவேளை, மெயில் முகவரி உயிரோடு இருந்தது, அதில் வந்த குறியீட்டைப் போட்டுத் திறந்தார். காசு கொடுத்தால் திறந்து தருகிறேன் என்று வருபவர்களிடம் ஓடிபி சொல்லிவிடாதீர்கள்.

திறந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், எக்ஸ்டென்ஷனுக்கும் உங்கள் லாகின் திறந்துதானே இருந்தது. அப்புறம் மீதியை அழிக்க அவசரம் வேண்டாம், ஃபேஸ்புக் என்றால் Activity log-இல் பழைய பதிவுகளை Archive செய்தாலே மற்றவர் கண்ணில் படாது, Trash-இல் போட்டால் 30 நாள் வரை திரும்ப எடுக்கலாம். அதிலும் கொஞ்சம் கொஞ்சமாக, கையாலேயே செய்யுங்கள்.