லாபம் இல்லாவிட்டாலும் கைவிடக் கூடாத ஆப்ஷன்

ஒரு பங்கின் மீதான கால் ஆப்ஷனை வாங்கும்போது, அந்தப் பங்கை எந்த விலையில் வாங்கும் உரிமை கிடைக்கிறது என்பதை ஸ்டிரைக் விலையும், அந்த உரிமை எந்த நாள் வரை செல்லும் என்பதைக் காலாவதி நாளும் வரையறுக்கின்றன. அவ்வுரிமைக்காக முன்கூட்டியே செலுத்தும், திரும்பி வராத தொகையே பிரீமியம். சந்தையில் பிரீமியம் பின்னர் எப்படி ஏறி இறங்கினாலும், காலாவதி வரை வைத்திருப்பவரின் கணக்கில் அவர் செலுத்திய தொகையே நிற்கும்.

ஸ்டிரைக் விலை 100, பிரீமியம் 4 என்று கொள்வோம். காலாவதி நாளில் பங்கு 103-இல் முடிந்தால் உரிமையின் மதிப்பு 3. பிரீமியத்தைக் கழித்தால் பங்கு ஒன்றுக்கு 1 நஷ்டம். எப்படியும் நஷ்டம்தானே என்று இந்த இடத்தில் உரிமையைக் கைவிடுவது பெருந்தவறு, ஏனெனில் கைவிட்டால் நஷ்டம் 4 ஆகிவிடும். உரிமையைப் பயன்படுத்தலாமா என்பதைத் தீர்மானிப்பது 100 என்ற ஸ்டிரைக் விலைதான். 104 என்பது லாபம் தொடங்கும் இடம் மட்டுமே. பல சந்தைகளில் இத்தகைய ஆப்ஷன் தானாகவே தீர்க்கப்படும் என்றாலும், உங்கள் ஒப்பந்த விதியை முன்பே பார்த்துவிடுங்கள். பங்கு 100-க்குக் கீழே எவ்வளவு சரிந்தாலும், தரகுக் கட்டணம் நீங்கலாக, நஷ்டம் 4-ஐத் தாண்டாது.