லீஸா, வாடகையா: நான் போட்ட கணக்கு

ஒரே தெருவில் இரண்டு வீடுகள். ஒன்று 10 லட்சம் லீஸ், இன்னொன்று மாதம் 8,000 வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ். லீஸ் என்றால் வாடகையே கிடையாதே என்று முதலில் துள்ளினேன்.

அப்புறம் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாடகை வீட்டிலும் ஒரு லட்சம் முடங்கும்; அதனால் வித்தியாசம் 9 லட்சம்தான். ஃபிக்சட் டெபாசிட்டில் 7 சதவீதம் என்றால் வருடம் 63,000, மாதம் 5,250. லீஸ் வீட்டின் உண்மையான வாடகை அதுதான். சரி, அப்படியும் 2,750 லாபம்.

ஆனால் என் கையில் இருந்தது 6 லட்சம். மீதி 4 லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு வாங்க வேண்டும். அதற்கே வருடம் 48,000. சொந்தப் பணம் 6 லட்சத்தில், எப்படியும் முடங்கும் அந்த ஒரு லட்சம் போக, 5 லட்சத்துக்கு இழக்கும் வட்டி 35,000. மொத்தம் 83,000, மாதம் சுமார் 6,900. லாபம் 1,100 ஆகச் சுருங்கிவிட்டது.

வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் வீடு வங்கி அடமானத்தில் இருந்தது. தவணை நின்றால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. மாதம் 1,100க்காக 10 லட்சத்தைப் பணயம் வைப்பதா? வாடகை வீட்டுக்கே அட்வான்ஸ் கொடுத்தேன்.