கறையை எடுத்தது சிவப்பு சேனல்

குடியாத்தம் அத்தை வீட்டுப் பரணில் இருந்த தாத்தா பாட்டி கல்யாணப் படம், ஓட்டு ஒழுகலில் நனைந்திருந்தது. பூஞ்சைப் புள்ளி, மஞ்சள் கறை, நடுவே ஒரு மடிப்பு. "ஈரத்துணியால துடைச்சிடுடா" என்றார் அத்தை. கூடவே கூடாது. பூஞ்சை அரித்த, படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம், ஈரம் பட்டால் படத்தோடு கழன்று வரும். நிழலில் காயவிட்டு 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும் கலரில்.

மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் Colors > Components > Decompose கொடுத்து, படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களாகப் பிரித்துப் பார்த்தேன். நீலத்தில் பாட்டியின் புடவைமேல் கரிய திட்டு. சிவப்பில் ஏறக்குறைய எதுவும் இல்லை. சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். அழுக்கு ஒதுங்கிய கறை விளிம்பு மட்டும் மெல்லிய கோடாக மிஞ்சியது.

அதற்கும் புள்ளிகளுக்கும், சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மறைக்கும் ஹீல் டூல், புள்ளியைவிடச் சற்றே பெரிய பிரஷ். மடிப்பு தாத்தாவின் சட்டைக் காலரை வெட்டிக்கொண்டு போனது. அங்கே ஹீல் போட்டால் கறுப்பும் வெள்ளையும் கலந்து புகை மாதிரி ஆகிவிடும். அதனால் எடுத்த இடத்தை அப்படியே நகலெடுக்கும் குளோன் டூல், காலர் ஓரத்திலேயே மாதிரி எடுத்து, சிறுசிறு தொடுதலாக. பாட்டியின் மூக்குத்தி அருகே பூஞ்சை மேற்பரப்பையே தின்றுவிட்டது. கற்பனையாக வரைய மனமில்லை, விட்டுவிட்டேன்.