சாதகத்தில் கிராந்தி பார்ப்பது எப்படி: சம கிராந்தியும் எல்லை கடந்த சந்திரனும்

ராசிக் கட்டத்தில் ஒரு கிரகம் நிற்கும் ராசியும் பாகையும் அதன் நிலையில் பாதியை மட்டுமே சொல்கின்றன. அது வான நடுக்கோட்டுக்கு வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே மற்றப் பாதி. இந்த விலக்கத்தைத்தான் கிராந்தி என்கிறோம். யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9 பாகை 40 கலையில் இருப்பதால், சூரியனின் வட கிராந்தி அதே அளவை அடையும் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில், நண்பகலில் நட்டு வைத்த தடிக்கு நிழல் விழுவதில்லை. பின்னர் சூரியன் நமக்கு வடக்கே சென்று, ஆனி மாதத்தில் 23 பாகை 26 கலையை எட்டித் திரும்புகிறது. சூரியன் ஒருபோதும் தாண்டாத அந்த அளவுதான் எல்லை. அதற்கு அப்பால் நிற்கும் கிரகத்தை மேலைச் சோதிடர் சிலர் எல்லை கடந்த கிரகம் என்று வகுத்துப் பலன் சொல்கிறார்கள்.

இதை விளக்க, 2006 செப்டம்பர் 15ஆம் திகதி காலை 7 மணிக்கு யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பிள்ளையின் சாதகத்தை உதாரணமாகக் கொள்வோம். லாகிரி அயனாம்சப்படி சந்திரன் மிதுன ராசியில், மிருகசீரிடத்தின் கடைசிப் பாதத்தில் நிற்கிறது.

முதற்படி: நேரத்தைச் சரிபார்த்தல்

கிராந்தியைக் கணிக்க உலகப் பொது நேரம் வேண்டும். இந்தப் பிள்ளைக்கு 5 மணி 30 நிமிடத்தைக் கழித்தால் அதிகாலை 1.30 வரும். ஆனால் இலங்கையின் கடிகாரம் 1996 மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னகர்த்தப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே புழங்கியது. ஆகவே அந்தப் பத்தாண்டுக்குள் பிறந்தவர்களின் குறிப்பை எடுக்கும்போது, எழுதப்பட்டிருப்பது எந்த நேரம் என்று வீட்டாரிடம் கேட்டே ஆகவேண்டும். சந்திரன் நடுக்கோட்டைக் கடக்கும் நாட்களில் அரை மணி வித்தியாசம் கிராந்தியில் ஏழெட்டுக் கலையை மாற்றிவிடும். உச்ச எல்லையில் திரும்பும் நாட்களில் அது பொருட்டல்ல.

இரண்டாம் படி: கிராந்தியை எடுத்தல்

நம் பஞ்சாங்கங்களின் அன்றாடக் கிரகநிலை ராசியையும் பாகையையும் முதன்மையாகக் கொண்டது என்பதால், கணினியை நாடுவதே எளிது. சுவிஸ் எபிமெரிஸ் மென்பொருளோடு வரும் கட்டளை இது:

```
swetest -b15.9.2006 -ut1:30:00 -p0123456 -fPLBD
```

இது சூரியன் முதல் சனி வரை ஏழு கிரகங்களின் பெயர், அயனாம்சம் கழிக்காத சாயன பாகை, சூரிய பாதையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே விலகும் அளவான விட்சேபம், கிராந்தி ஆகியவற்றை வரிசையாகத் தரும். கிராந்தி நேர் எண்ணானால் வடக்கு, மறை எண்ணானால் தெற்கு. கையால் கணிக்க விரும்புவோருக்கு, λ சாயன பாகை, β விட்சேபம், ε 23 பாகை 26 கலை என்று கொண்ட சூத்திரம் இது:

```
sin δ = sin β · cos ε + cos β · sin ε · sin λ
```

தொடக்கநிலையாளர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ராசிக் கட்டத்திலுள்ள நிராயன பாகையை அப்படியே இந்தச் சூத்திரத்தில் இடக்கூடாது. அயனாம்சத்தைக் கூட்டிச் சாயனமாக்கிய பிறகே இடவேண்டும். நம் உதாரணத்தில் சூரியனின் சாயன பாகை 172. அதற்குக் கிராந்தி வடக்கே ஏறத்தாழ 3 பாகை. நிராயனமான 148ஐ இட்டால் 12 பாகை என்று வரும். இன்னும் எட்டு நாளில் நடுக்கோட்டைக் கடக்கப் போகும் சூரியன் 12 பாகை வடக்கே இருக்க முடியாது என்பதால், பிழை உடனே தெரிந்துவிடும். எனவே எப்போதும் சூரியனை முதலில் சோதியுங்கள். சரியாகக் கணித்த கிராந்தி எந்த அயனாம்சத்தைப் பின்பற்றினாலும் மாறாது என்பது, அயனாம்ச விவாதத்தில் சலித்துப்போனவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

மூன்றாம் படி: எல்லை கடந்ததா என்று பார்த்தல்

இந்தப் பிள்ளையின் சந்திரனுக்குக் கிராந்தி வடக்கே 28 பாகை 43 கலை. எல்லையை ஐந்து பாகைக்கு மேல் தாண்டியிருக்கிறது. சந்திரனின் பாதை சூரிய பாதையோடு சுமார் ஐந்து பாகை சாய்ந்திருப்பதும், அச்சாய்வு அந்த ஆண்டில் எல்லையோடு சேர்ந்துகொண்டதுமே காரணம். அன்று காலை ஆறரை மணியளவில் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, தேய்பிறைச் சந்திரன் உச்சந்தலைக்கு வடக்கே 19 பாகை தள்ளி நின்றிருக்கும். சூரியன் எவ்வளவுதான் வடக்கே போனாலும், நண்பகலில் நமக்கு 14 பாகைக்கு அப்பால் போவதில்லை.

சூரியனை அரசனாகக் கொண்டு, அவனுடைய ஆட்சிக்கு வெளியே சென்ற கிரகம் வழமைக்குக் கட்டுப்படாமல் இயங்கும் என்பதே இவ்வகைச் சோதிடரின் வாதம். சந்திரன் எல்லை கடந்தால் குடும்ப வழக்கத்துக்குள் அடங்காத மனம், பிறர் போகாத வழியில் போகும் துணிவு, சிலவேளை எங்கும் ஒட்டாத தன்மை என்று பலன் சொல்வார்கள். ஆனால் ராகு கேதுவின் 18.6 ஆண்டுச் சுழற்சியோடு இந்த உச்சம் கூடிக் குறைகிறது. 2006இல் ஒவ்வொரு சுற்றிலும் சந்திரன் வடக்கே ஐந்து நாள், தெற்கே ஐந்து நாள் எல்லைக்கு வெளியே நின்றது. அவ்வாண்டில் பிறந்தோரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோருக்கு இந்நிலை உண்டு. 2015இலோ சந்திரன் 18 பாகையோடு திரும்பிவிட்டதால் ஒருவருக்கும் இல்லை. ஆகையால் இதை மட்டும் வைத்து ஒருவரை அபூர்வப் பிறவி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்; லக்கினாதிபதியோ சந்திரன் நின்ற ராசிநாதனோ அதே போக்கைக் காட்டினால்தான் அதற்குப் பெறுமதி.

நான்காம் படி: சம கிராந்தியைத் தேடுதல்

கிராந்திகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, எண்ணளவு ஒன்றுக்கொன்று ஒரு பாகைக்குள் வருபவற்றைக் குறியுங்கள். இரண்டும் ஒரே திசையிலிருந்தால் சம கிராந்தி. அது சேர்க்கையைப் போல வேலை செய்யும் என்பர். ஒன்று வடக்கிலும் மற்றது தெற்கிலும் இருந்தால் எதிர்ச் சம கிராந்தி. அதற்குச் சம சப்தமப் பார்வையின் பலன். இந்த எண்ணம் நமக்கு முழுக்க அந்நியமுமல்ல. சூரியனும் சந்திரனும் சமமான கிராந்தி பெறும் வேளைகளை வியதீபாதம், வைதிருதி என்று சூரிய சித்தாந்தம் ஒரு தனி அதிகாரத்திலேயே கணிக்கிறது. மேலைச் சோதிடர் அதை எல்லாக் கிரக இணைகளுக்கும் விரித்திருக்கிறார்கள்.

நம் உதாரணத்தில் சனி வடக்கேயும் வியாழன் தெற்கேயும், இரண்டும் 16 பாகைக்குச் சற்றுக் குறைவாக நிற்கின்றன. கட்டத்தில் சனி கடகத்திலும் வியாழன் துலாத்திலும் இருக்கின்றன. வியாழனின் 5, 7, 9ஆம் பார்வைகளோ சனியின் 3, 7, 10ஆம் பார்வைகளோ மற்றதைத் தொடுவதில்லை, சேர்க்கையும் இல்லை. வழமையான முறையில் தொடர்பற்றவை என்று ஒரு சாத்திரியார் விட்டுவிடக்கூடிய இரு கிரகங்கள், கிராந்தியில் நேர் எதிராக நிற்கின்றன. பெருக்க விரும்பும் குருவும் சுருக்க விரும்பும் சனியும் ஒன்றையொன்று இழுப்பதாக இதை வாசிக்கலாம். இவ்வாறு மறைந்திருக்கும் தொடர்பு வெளிப்படுவதுதான் சிலர் கிராந்தியை விடாமல் பார்ப்பதற்கு முக்கிய காரணம்.

ஆயினும் சனியும் வியாழனும் மெதுவாக நகர்வதால், அந்த நாட்களில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே எதிர்ச் சம கிராந்தி இருக்கும். இந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு சொந்தம் என்பதை, அவ்விரு கிரகங்களும் லக்கினத்திலிருந்து எந்தெந்த வீடுகளை ஆள்கின்றன, அவற்றின் தசை எப்போது வருகிறது என்று பார்த்தே முடிவு செய்யவேண்டும். மிருகசீரிடத்தில் பிறந்ததால் செவ்வாய் தசையின் எஞ்சிய காலமும் ராகு தசையின் 18 ஆண்டும் கடந்த பின்னரே குரு தசையும், அதையடுத்துச் சனி தசையும் வரும்.