லைட்டை அணைத்த பிறகும் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன்

குளித்து முடித்து லைட்டை அணைத்தால் ஃபேனும் நின்றுவிடும். ஈரம் அப்படியே தங்கி கூரையில் பூஞ்சை பிடித்தது. அதற்காக, லைட்டை அணைத்த பிறகும் ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தும் ஓர் ஆஃப்-டிலே டைமர் வாங்கி மாட்டினேன்.

இந்த டைமருக்கு நான்கு இணைப்புகள். எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபேஸ், நியூட்ரல், லைட் ஸ்விட்சைத் தாண்டி வரும் ஃபேஸ், ஃபேனுக்குப் போகும் அவுட்புட். மூன்றாவது கம்பி சைகை மட்டும்தான்: அதில் கரண்ட் வந்தால் ஃபேன் ஓடும், போனதும் டைமர் எண்ணத் தொடங்கும். ஃபேனைச் சுற்றுவது முதல் ஃபேஸ். அதையும் ஸ்விட்சுக்குப் பின்னாலிருந்து எடுத்தால், லைட் அணைந்த கணமே டைமரும் செத்துவிடும்.

எங்கள் போர்டில் பிளக் பாயிண்ட் இருந்ததால் நியூட்ரல் அங்கேயே கிடைத்தது. வெறும் ஸ்விட்ச் மட்டும் உள்ள பெட்டியில் பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. அப்போது டைமரை ஃபேன் பக்கம் வைப்பதே சுலபம். நியூட்ரல் வேண்டாத மாடல்களும் உண்டு, ஆனால் சிலவற்றில் எல்இடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கும்.

மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கம்பியைத் தொட்டேன். வயரிங்கில் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நேரத்தை 15 நிமிடமாக வைத்திருக்கிறேன். கதவுக்கு அடியில் விரலளவு இடைவெளி இருக்கட்டும். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் ஃபேன் சும்மா இரையும், ஈரம் போகாது.