சரியான பாஸ்வேர்டு போட்டும் லாகின் பக்கமே திரும்ப வருகிறதா?

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மகள், கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒரு தளத்தில் ஒரு மணி நேரம் போராடிவிட்டுப் போன் செய்தாள். "பாஸ்வேர்டை மூணு தடவை மாத்திட்டேன் மாமா, மறுபடி அதே பக்கம்தான் வருது."

"தப்புன்னு சிவப்பு எழுத்துல ஏதாவது வருதா?" என்றேன். இல்லை என்றாள். அப்படியானால் பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. தளம் அதை ஏற்றுக்கொண்டு, அடையாளச் சீட்டு மாதிரி ஒரு குக்கீயைத் தருகிறது. பிரவுசர் அதை வாங்கி வைக்க மறுத்தால், அடுத்த பக்கத்தில் சீட்டு இல்லாமல் நிற்கிறோம். தளம் மறுபடி வாசலுக்கே அனுப்பிவிடுகிறது.

கம்ப்யூட்டர் குரோமில் முகவரிப் பட்டையில் இதை அடிக்கச் சொன்னேன்:

```
chrome://settings/content/siteData
```

தளங்கள் எதையும் சேமிக்கக் கூடாது என்ற தேர்வு அங்கே இருந்தது. அனுமதிக்கும் தேர்வுக்கு மாற்றி, பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி லாகின் செய்ததும் உள்ளே போய்விட்டாள்.

அங்கே அனுமதி ஏற்கெனவே இருந்தால், லாகின் பக்கத்தின் முகவரியைப் பாருங்கள். தளத்தின் பெயரும் அந்த முகவரியில் உள்ள பெயரும் வேறு வேறாக இருந்தால், மூன்றாம் தரப்பு குக்கீ தடையை, அதாவது நாம் திறந்திருக்கும் தளம் அல்லாத வேறு தளத்தின் குக்கீயை பிரவுசர் தடுப்பதைச் சந்தேகிக்கலாம். `chrome://settings/cookies` பக்கத்தில் அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். எல்லாவற்றுக்கும் திறந்துவிட வேண்டாம்.

இன்காக்னிட்டோவில் சோதித்து முடிவுக்கு வராதீர்கள். அங்கே மூன்றாம் தரப்பு குக்கீகள் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும்.